வருகிறோம் என்று எழுதும் கடிதம்: விநியோகிப்பாளர் தரத் தணிக்கையை அறிவிப்பது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய் போன்ற தோட்டப் பட்டணங்களில் வளர்ந்தவர்களுக்கு 'ஆடிட்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். தோட்டத்துக் கிராணி இரவெல்லாம் விளக்கெரித்துச் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். தரத் தணிக்கை என்பது அதுவன்று. ஒரு தொழிற்சாலை, தனக்கு மூலப்பொருள் தரும் இன்னொரு தொழிற்சாலைக்கு நேரில் சென்று, ஒப்பந்தத்தில் சொன்னபடிதான் அந்தப் பொருள் செய்யப்படுகிறதா, சோதிக்கப்படுகிறதா, அனுப்பப்படுகிறதா என்று பதிவேடுகளையும் வேலை நடக்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அது. வாங்குபவர் விற்பவரைத் தணிக்கை செய்வதால் இதை இரண்டாந்தரப்புத் தணிக்கை என்பார்கள்.

அத்தகைய தணிக்கைக்கு முன்னால் போகும் அறிவிப்புக் கடிதத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ உள்ள கடிதந்தான் என்றாலும், தணிக்கை நாளில் நாம் எதைப் பார்ப்போம், எதைப் பார்க்காமல் திரும்புவோம் என்பதைப் பெரும்பாலும் அதில் உள்ள இரண்டு பத்திகள் தீர்மானித்துவிடுகின்றன: தணிக்கையின் எல்லையைச் சொல்லும் பத்தியும், தயாராக வைக்க வேண்டிய ஆவணங்களைச் சொல்லும் பத்தியும். நம் ஆலைகளில் இக்கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் போகும். உள்ளடக்கம் விளங்க வேண்டும் என்பதற்காக இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

நான் முதன்முதலாக எழுதிய அறிவிப்பில் இரண்டே வரிகள் இருந்தன. 'உங்கள் தர மேலாண்மை முறையைத் தணிக்கை செய்ய வருகிறோம். தேவையான ஆவணங்கள் அனைத்தையும் தயாராக வைக்கவும்' என்று எழுதி, வியாழனும் வெள்ளியுமாக இரண்டு நாள்களையும் குறித்து அனுப்பினேன். நான் வேலை செய்தது பேராக்கில்; நாங்கள் தணிக்கை செய்யவிருந்த ரப்பர் பால் ஆலை இருந்ததோ கெடாவில். கெடாவில் வெள்ளிதான் வார ஓய்வு நாள், ஞாயிறு வேலை நாள் என்பது எனக்குத் தெரியாததன்று. அட்டவணை போடும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நாளிலும், கூட்ட அறையின் மேசை முழுக்கக் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கணக்குப் பேரேடுகூட அதில் இருந்தது. 'தேவையான ஆவணங்கள் அனைத்தும்' என்று எழுதியது நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. குளிரூட்டப்பட்ட அறையில் தாள் புரட்டி முடித்து, மாலை நாலரைக்குப் பால் நிறுக்கும் தளத்துக்கு நடந்துபோனபோது, கடைசி லோரி போய், தளத்தைக் கழுவி, குழாயையும் சுருட்டி வைத்துவிட்டார்கள். நாங்கள் எதைப் பார்க்கப் போனோமோ அதைப் பார்க்கவே இல்லை.

ஆகவே கடிதத்தை எழுதத் தொடங்குமுன் ஏன் போகிறோம் என்பதை நமக்குள்ளே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தணிக்கைக்கான வழிகாட்டியான ஐஎஸ்ஓ 19011:2018 நோக்கம், எல்லை, அளவுகோல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறது. எதற்காகப் போகிறோம் என்பது நோக்கம். எந்த இடம், எந்தப் பொருள், எந்த வேலை, எந்தக் காலம் என்பது எல்லை. எதனோடு ஒப்பிட்டு இது சரி, இது தவறு என்று சொல்லப் போகிறோம் என்பது அளவுகோல். புதிதாக எழுதுபவர்கள் இவற்றை ஒன்றாகக் குழைத்து 'ஐஎஸ்ஓ 9001 தணிக்கை' என்று எழுதிவிடுவார்கள். அது அளவுகோலின் ஒரு பகுதி மட்டுமே. எல்லையைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நாம் மருத்துவக் கையுறை செய்யும் ஆலையில் விநியோகிப்பாளர் தரப் பிரிவில் இருக்கிறோம். பீடோங்குக்கு வெளியே உள்ள ஓர் ஆலை நமக்கு ரப்பர் செறிவுப்பால் அனுப்புகிறது. மரத்திலிருந்து வரும் பாலில் ஏறக்குறைய முப்பது விழுக்காடுதான் ரப்பர். அது கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா சேர்த்து, ஆலைக்குக் கொண்டுவந்து, தொட்டியில் மண்டியைப் படியவிட்டு, வேகமாகச் சுழலும் பிரிப்பானில் ஓட்டினால், ரப்பர் அறுபது விழுக்காடு உள்ள செறிவுப்பால் ஒரு பக்கமும் ஸ்கிம் எனப்படும் நீர்த்த பால் மறுபக்கமும் வெளியேறும். செறிவுப்பாலில் மேலும் அமோனியா சேர்த்துத் தொட்டியில் நிறுத்தி வைத்து, சோதித்து, டேங்கரில் நமக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு டேங்கரோடும் ஒரு பகுப்பாய்வுச் சான்று வரும்.

அந்தச் சான்றில் விஎஃப்ஏ எண் என்று ஒன்று உண்டு. பாலில் நுண்ணுயிர்கள் பெருகினால் அவை அசெட்டிக் அமிலம் போன்ற எளிதில் ஆவியாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றின் அளவைக் காட்டும் எண் இது. எண் ஏறினால், எங்கேயோ பால் அமோனியா இல்லாமல் வெயிலில் நேரம் கழித்திருக்கிறது என்று பொருள். அமிலம் உண்டான பிறகு அமோனியாவைக் கொட்டினாலும் எண் இறங்காது. நுண்ணுயிரை நிறுத்தலாம், உண்டானதை அழிக்க முடியாது. எண் மிகவும் ஏறிய பால் நிலைகுலைந்து எளிதில் திரியும். திரிந்த துணுக்கு கையுறையில் ஊசித்துளையாக முடியும்.

நமது கொள்முதல் விவரக்குறிப்பில் விஎஃப்ஏ எண்ணின் மேல்வரம்பு 0.060 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் வந்த டேங்கர்களின் சான்றுகள் சராசரியாக 0.022 என்றன, மே மாதத்தில் 0.031, ஜூன் நடுவில் 0.044. எதுவும் வரம்பைத் தாண்டவில்லை, ஆகவே எந்த டேங்கரையும் திருப்பி அனுப்ப இயலாது. ஆனால் போகும் திசை சரியில்லை. இன்னொன்றும் உண்டு. அதே ஜூன் டேங்கர்களை நம் ஆய்வகம் சோதித்தபோது 0.036 தான் கிடைத்தது. பால் நிற்க நிற்க இந்த எண் ஏறுமேயன்றி இறங்காது. அப்படியிருக்க, பின்னால் சோதித்த நமக்குக் குறைந்தும் முன்னால் சோதித்த அவர்களுக்குக் கூடியும் இருந்தால், இரண்டு ஆய்வகங்களில் ஒன்றிலாவது ஏதோ கோளாறு இருக்கிறது.

இப்போது நோக்கம் தெளிவாகிவிட்டது. நமக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வரும் பாலுக்கு அமோனியா நேரத்தோடு போடப்படவில்லையா என்பது ஒன்று. ஆலையின் ஆய்வகத்தில் அளவு தவறுகிறதா என்பது மற்றொன்று. எல்லையும் ஆவணப் பட்டியலும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்க வேண்டும். அறிவிப்பின் எல்லைப் பத்தியை இப்படி எழுதலாம்:

'இத்தணிக்கை, தங்கள் பீடோங் ஆலையில் எங்களுக்காக உற்பத்தி செய்யப்படும் உயர் அமோனியா செறிவுப்பாலை மட்டும் சார்ந்தது. தோட்டத்துப் பாலை நிறுத்து வாங்குவது முதல் டேங்கரில் ஏற்றி முத்திரையிடுவது வரையிலான எல்லா நிலைகளும், தங்கள் ஆய்வகச் சோதனைகளும், தாங்கள் பால் பெறும் சேகரிப்பு நிலையங்களில் ஒன்றும் இதில் அடங்கும். ஏப்ரல் 1 முதல் தணிக்கை நாள் வரையிலான பதிவுகள் பார்க்கப்படும். ஸ்கிம் பால் பிரிவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, விலை, கணக்கு ஆகியவை இதில் அடங்கா. எங்கள் கொள்முதல் விவரக்குறிப்பு, இரு தரப்பும் கையொப்பமிட்ட தர உடன்படிக்கை, தங்களது சொந்தச் செயல்முறை ஆவணங்கள், ஐஎஸ்ஓ 9001:2015 ஆகியவையே அளவுகோல்கள்.'

இதில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அடங்காதவற்றைச் சொன்னது. கழிவுநீர் அடங்காது என்று எழுதாவிட்டால், ஆலைக்காரர்கள் சுற்றுச்சூழல் உரிமத்தையும் கழிவுநீர் அறிக்கைகளையும் தேடி எடுப்பதில் ஒரு முழு நாளைச் செலவிடுவார்கள். அந்த நாள் ஆய்வகப் பதிவேடுகளுக்குப் போயிருக்க வேண்டியது. அதோடு, விலையும் கணக்கும் அடங்கா என்ற சொற்கள், இது பேரத்துக்கான வருகை அன்று என்பதை மேலாளருக்கு உணர்த்தும்.

இரண்டாவது, காலம். 'கடந்த ஓராண்டுப் பதிவுகள்' என்று கேட்பது பலருக்கு வழக்கம். ஓராண்டுப் பதிவை ஒரு நாளில் யாரும் படிக்க முடியாது. ஏற்றம் தொடங்கியது ஏப்ரலுக்குப் பிறகு என்று சான்றுகளே சொல்லும்போது ஏப்ரல் 1 போதும். ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர் காலத்தில் மரங்கள் பால் குறைத்துவிடும். அப்போது ஆலை சில நாள்களுக்கு ஒருமுறைதான் ஓடும். அந்த மாதங்களின் எண்ணையும் ஏப்ரலுக்குப் பிந்தைய எண்ணையும் ஒரே வரிசையில் வைத்தால் ஒப்பீடே குழம்பிப்போகும்.

மூன்றாவது, சேகரிப்பு நிலையம். இதைத்தான் மிகுதியானோர் விட்டுவிடுகிறார்கள். ஆலையின் வாயிலுக்குள் நடப்பதை மட்டும் எல்லையாக எழுதினால், நம் முதல் ஐயத்துக்கு விடையே கிடைக்காது; ஏனெனில் அமோனியா போடத் தாமதமாகும் இடம் ஆலைக்கு வெளியே, சிறுதோட்டக்காரர்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றும் கொட்டகையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டகை பெரும்பாலும் ஆலைக்குச் சொந்தமானதன்று. ஒரு பால் வணிகருடையதாக இருக்கும். நமக்கு அவரோடு ஒப்பந்தம் கிடையாது. ஆலைதான் அவரிடம் கேட்டு அனுமதி பெற வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும். தணிக்கை நாள் காலையில் 'அங்கேயும் போகலாமா?' என்று கேட்டால், முடியாது என்ற பதில்தான் நியாயமானது.

நாள் குறிப்பதற்கு வருவோம். வழக்கமான தணிக்கைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பாகக் கடிதம் போவது நல்ல வழக்கம். தர உடன்படிக்கையில் இத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தால் அதுவே முந்தி நிற்கும். ஆகவே கடிதம் எழுதுமுன் உடன்படிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நம் மாதிரியில் ஜூன் மூன்றாம் வாரத்தில் கடிதம் அனுப்பி, ஜூலை 16, செவ்வாய்க்கிழமை என்று குறிக்கிறோம். செவ்வாய் என்றால் இரு மாநில வார ஓய்வுகளிலும் மாட்டாது. மழை பெய்தால் மரம் சீவ மாட்டார்கள், சீவாவிட்டால் பால் வராது, பால் வராவிட்டால் நாம் பார்க்க வேண்டிய தளம் காலியாக இருக்கும். அதனால் ஜூலை 18, வியாழனை மாற்று நாளாகக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். மாற்று நாள் குறிக்காத கடிதத்தால் மழை நாளில் இரு தரப்பும் சங்கடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். போனவர்கள் வந்ததற்குக் கோப்புகளையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

நாளைவிட நேரம் முக்கியம். விடியற்காலையில் மரம் சீவி, காலை பத்து பதினொரு மணிக்குப் பாலைச் சேகரித்து, கொட்டகையில் சேர்த்து, நண்பகலுக்குப் பிறகுதான் லோரிகள் ஆலைக்கு வரும். எந்த ஆலைக்கும் பொருந்தும் வழக்கமான நிகழ்ச்சிநிரலில் 'காலை 9: தொடக்கக் கூட்டம், 10: மூலப்பொருள் வாங்கும் பகுதி, பிற்பகல்: ஆவண ஆய்வு' என்று இருக்கும். ரப்பர் பாலுக்கு இது தலைகீழ். நம் கடிதத்தில் இப்படி இருக்க வேண்டும்: காலை எட்டரைக்குச் சுருக்கமான தொடக்கக் கூட்டம், ஒன்பதே காலுக்குக் குழுவில் ஒருவர் சேகரிப்பு நிலையத்துக்குப் புறப்படுவார், மற்றவர் ஆய்வகத்துக்குப் போவார், பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை இருவரும் பால் நிறுக்கும் தளத்தில் இருப்பார்கள், அதன்பிறகே கோப்புகள், நாலரைக்கு முடிவுக் கூட்டம். மதிய உணவுக்கு அரை மணி நேரம், அதுவும் லோரி வரும் நேரத்தை ஒட்டி மாறலாம் என்றும் எழுதலாம்.

உணவைப் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. தோட்டப் பட்டணத்தில் விருந்தினருக்கு இலை போடாமல் அனுப்புவது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். ஆனால் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 1 ஜூன் 2020 முதல் நடப்பில் இருக்கிறது. ஊழியர் செய்யும் கையூட்டுக்கு நிறுவனமே பொறுப்பாகலாம். ஆகவே 'ஆலை உணவகத்தில் எளிய உணவு போதும். அன்பளிப்பு எதையும் குழுவினர் ஏற்க இயலாது' என்ற வரியைக் கடிதத்திலேயே சேர்த்துவிட்டால், அன்றைக்கு முகம் பார்த்து மறுக்கும் தர்மசங்கடம் இரு பக்கமும் இராது.

இனி ஆவணங்கள். இவற்றை ஒரே பட்டியலாக எழுதாமல், முன்கூட்டியே அனுப்ப வேண்டியவை, அன்று இருக்குமிடத்திலேயே தயாராக இருக்க வேண்டியவை என்று இரண்டாகப் பிரிப்பது நல்லது. மூன்றாவதாக, முன்பே பெயர் சொல்லக் கூடாத ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முன்கூட்டியே கேட்பது குறைவாக இருக்கட்டும். செயல்முறை ஓட்டப் படம், தரக் கட்டுப்பாட்டுத் திட்டம், ஐஎஸ்ஓ சான்றிதழின் நகல், சேகரிப்பு நிலையங்களின் பட்டியல், ஆய்வகக் கருவிகளின் பட்டியலும் அவற்றின் அளவுத்திருத்தக் காலக்கெடுவும், சென்ற தணிக்கையில் கண்ட குறைகள் என்ன ஆயின என்ற நிலவரம் ஆகியவை தணிக்கைக்கு ஒரு வாரம் முன்பாக நமக்குக் கிடைத்தால் போதும். சான்றிதழைப் பெற்றவுடன் காலாவதி நாளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. எந்த முகவரிக்கு, எந்த வேலைக்கு அது வழங்கப்பட்டது என்ற வரியைப் படிக்க வேண்டும். தலைமை அலுவலகத்தின் முகவரிக்கு வழங்கிய சான்றிதழ், முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆலையை உள்ளடக்காமல் இருக்கலாம்.

இருக்குமிடத்திலேயே வைக்க வேண்டியவற்றைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். கடிதத்தில் இப்படி எழுதுகிறேன்: 'கீழ்க்காணும் பதிவேடுகளைக் கூட்ட அறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அவை அன்றாடம் எங்கே, யார் கையில் இருக்கின்றனவோ அங்கேயே இருக்கட்டும். புதிதாகப் படியெடுக்கவும் வேண்டாம்.' காரணம் எளியது. பால் நிறுக்கும் தளத்தில் தொங்கும் பதிவேட்டின் ஓரம் அமோனியாவும் பாலும் பட்டு முறுகியிருக்கும். பேனா மை மாறியிருக்கும். ஓரிடத்தில் அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டிருப்பார்கள். வேலை நடக்கும்போதே எழுதிய பதிவேடு அப்படித்தான் இருக்கும். மூன்று மாதத்துப் பக்கங்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், கறையே இல்லாமல் வந்தால் அதுவே கேள்விக்குரியது. சுத்தமாக எழுதித் தரச் சொல்லி நாமே கேட்டுவிட்டு, பிறகு அதைக் குற்றமாகச் சொல்வது அழகன்று. அதனால்தான் படியெடுக்க வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுகிறோம்.

எந்தப் பதிவேடுகள் என்பது நம் இரண்டு ஐயங்களையும் பிடித்துக்கொண்டு போனால் தானாக வரும். முதல் ஐயத்துக்கு, பால் வாங்கும் பதிவேடு வேண்டும். அதில் லோரி வந்த நேரம், எந்த நிலையத்துப் பால், வரும்போதே பாலில் எவ்வளவு அமோனியா இருந்தது என்ற சோதனை ஆகியவை இருக்க வேண்டும். சேகரிப்பு நிலையத்தில் எத்தனை மணிக்குப் பால் ஊற்றினார்கள், எத்தனை மணிக்கு அமோனியா சேர்த்தார்கள் என்ற குறிப்பு வேண்டும். அப்படியொரு குறிப்பு இல்லை என்று ஆலை பதில் எழுதினால், அதுவும் ஒரு விடைதான். புதிதாக உண்டாக்கச் சொல்லக் கூடாது. தொட்டிவாரிப் பதிவேடும், எந்தத் தொட்டியிலிருந்து எந்த டேங்கருக்குப் பால் போனது என்ற பதிவும், டேங்கர் கழுவிய பதிவும் இதோடு சேரும்.

இரண்டாம் ஐயத்துக்கு, ஆய்வகத்தின் கைக்குறிப்புத் தாள்கள் வேண்டும். பகுப்பாய்வுச் சான்று போதாது. அதில் விடை மட்டுந்தான் இருக்கும். விஎஃப்ஏ சோதனையில், பாலைத் திரித்துப் பிரித்த தெளிநீரை அமிலமாக்கி, நீராவியால் வடித்து, வடிந்ததைப் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம்பார்ப்பார்கள். பியூரெட்டில் தொடக்க அளவு, முடிவு அளவு, கரைசலின் வலிமை ஆகிய மூன்றும் தாளில் இருக்க வேண்டும். அந்தக் கரைசலுக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி நாளாக ஆக வலிமை குறைந்துகொண்டே போகும். வலிமை குறைந்த கரைசல் கூடுதலாகச் செலவாகும். புட்டியில் ஒட்டிய பழைய வலிமையையே வைத்துக் கணக்கிட்டால் எண் உள்ளதைவிடக் கூடுதலாக வரும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கரைசலின் வலிமை புட்டியில் 0.0100 என்று இருக்கிறது, உண்மையில் 0.0082 ஆகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, 0.044 என்று கணக்கிட்ட எண்ணின் உண்மை அளவு 0.044 பெருக்கல் 0.82, அதாவது 0.036. நம் ஆய்வகம் கண்ட எண்ணும் அதுவே. அப்படியானால் ஏற்றத்தில் ஒரு பங்கு பாலிலும் ஒரு பங்கு புட்டியிலும் இருக்கிறது என்றாகும். இது உண்மைதானா என்று சொல்லக்கூடிய ஒரே ஆவணம், கரைசலை எந்த நாளில் யார் நியமக் கரைசலோடு ஒப்பிட்டு வலிமையைத் திருத்தி எழுதினார் என்ற பதிவேடுதான். 'ஆய்வகப் பதிவுகள்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் அந்தச் சிறிய பதிவேடு அலமாரியில் கிடந்திருக்கும். யாருக்கும் நினைவு வந்திராது. ஆகவே கடிதத்தில் அதன் பெயரையே எழுத வேண்டும்: 'விஎஃப்ஏ சோதனைக்குப் பயன்படும் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலின் வலிமை சரிபார்ப்புப் பதிவேடு, ஏப்ரல் 1 முதல்'. தராசு, உலர்த்தும் அடுப்பு ஆகியவற்றின் அளவுத்திருத்தச் சான்றுகளும் இதோடு சேரும். அவற்றை வழங்கிய ஆய்வகம் ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியாவின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்ப்போம் என்றும் குறிப்பிடலாம்.

கேட்கும் முறையிலும் நேர்மை வேண்டும். குறை எங்கே இருக்கலாம் என்று நாம் நினைப்பதைக் கடிதத்தில் எழுதலாமா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. விஎஃப்ஏ எண் ஏறி வருகிறது என்பதையும், இரு ஆய்வக எண்களும் ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவை இரு தரப்புக்கும் தெரிந்த உண்மைகள். 'உங்கள் கரைசல் கெட்டுப்போயிருக்கும்' என்று எழுதக் கூடாது. அது ஊகம், அதோடு தணிக்கைக்கு முதல் நாளே புட்டி மாறிவிடும். எங்கள் ஆய்வகத்தின் அதே பதிவேட்டையும் கொண்டு வருகிறோம் என்று ஒரு வரி சேர்ப்பது முறை. தவறு நம் பக்கத்திலும் இருக்கலாம் அல்லவா?

முன்பே பெயர் சொல்லக் கூடாதது, அன்று தடம் பிடித்துப் பார்க்கப் போகும் டேங்கர். ஒரு குறிப்பிட்ட டேங்கரை எடுத்து, அதன் சான்றிலிருந்து ஆய்வகத் தாளுக்கும், அங்கிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து அந்த நாள் வந்த லோரிகளுக்கும், லோரியிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கும் பின்னோக்கிப் போவது தணிக்கையின் முதுகெலும்பு. கடிதத்தில் 'ஏப்ரல் 1க்குப் பின் அனுப்பிய டேங்கர்களில் இரண்டை அன்று தேர்ந்தெடுத்துத் தடம் பார்ப்போம். தொடர்புடைய பதிவுகளை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துத் தர இயலும்படி ஒருவரை ஏற்பாடு செய்யவும்' என்று எழுதினால் போதும். டேங்கர் எண்ணை முன்பே கொடுத்தால், அந்த இரண்டு டேங்கரின் கோப்புகள் மட்டும் மணமகன் போல அலங்கரித்து வரும். மற்றவற்றின் நிலை தெரியாது.

ஆள்களைப் பற்றியும் ஓரிரு வரிகள் வேண்டும். வருபவர்கள் பெயர், பொறுப்பு. அவர்களில் யாராவது அந்த ஆலையில் முன்பு வேலை செய்தவராகவோ உறவினராகவோ இருந்தால் ஆலை ஆட்சேபிக்கலாம் என்ற குறிப்பு. அங்கே யாரோடு பேச வேண்டும் என்பதும் முக்கியம்: தர மேலாளர் மட்டும் போதாது, பால் நிறுக்கும் தளத்து மேற்பார்வையாளரும் விஎஃப்ஏ சோதனை செய்யும் ஆய்வக உதவியாளரும் அன்று வேலையில் இருக்க வேண்டும். தளத்து மேற்பார்வையாளர் தமிழில்தான் இயல்பாகப் பேசுவார், பதிவேட்டை மலாயில் எழுதுவார் என்றால், குழுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது. மேலாளர் நடுவில் நின்று மொழிபெயர்த்தால் மேலாளரின் விடைதான் கிடைக்கும். 'அண்ணே, பால் வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க, காட்டுங்க' என்று நேரே கேட்கும்போது கிடைக்கும் பதில் வேறு.

பாதுகாப்புக்காகக் கேட்க வேண்டியதும் உண்டு. அமோனியா கண்ணையும் மூச்சையும் தாக்கும். பாதுகாப்புக் காலணி நாமே கொண்டு வருகிறோம், முகக்கவசமும் கண்ணாடியும் ஆலை தருமா, புகைப்படம் எடுக்க அனுமதி உண்டா, பார்த்தவற்றை மறைவாக வைத்திருக்க உறுதிமொழிப் படிவம் கையொப்பமிட வேண்டுமா என்ற கேள்விகளைக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். வாயிலில் காவலரோடு அரை மணி நேரம் நிற்பது இப்படித் தவிர்க்கப்படும்.

கடிதத்தின் இறுதியில் பதில் தேதி ஒன்று குறிக்க வேண்டும்: நாள் ஒத்துவருகிறதா, எல்லையில் மாற்றம் வேண்டுமா, எந்த ஆவணத்தைக் காட்ட இயலாது என்பதற்கு ஜூன் 30க்குள் எழுத்தில் பதில். பால் வணிகர் தம் கொட்டகைக்குள் யாரையும் விட மறுக்கிறார் என்று ஆலை எழுதினால், எல்லையைத் திருத்திப் புதிய கடிதம் அனுப்ப வேண்டும். சேகரிப்பு நிலையம் பார்க்கப்படவில்லை என்ற குறிப்பு அறிக்கையிலும் வர வேண்டும். அதற்கு ஈடாக, லோரி வந்து நின்றவுடன் அந்தப் பாலிலேயே நம் கண்முன் அமோனியாவும் விஎஃப்ஏவும் சோதிக்கச் சொல்லலாம். கொட்டகையில் நடந்தது முழுமையாகத் தெரியாது, ஆனால் கெட்டுத்தான் வந்ததா என்பது தெரிந்துவிடும்.

ஜூலை 15 பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மீதமிருக்கிறது. தர மேலாளரை அழைத்து இரண்டே கேள்விகள்: இன்று எத்தனை லோரி வந்தது, அந்தப் பக்கம் வானம் எப்படி இருக்கிறது? விடியற்காலையில் மழை கொட்டினால் ஆறு மணிக்கெல்லாம் அவரே அழைத்துச் சொல்வார். வண்டியைக் கிளப்பாமல் வியாழனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.